முறுக்கு முதலில் மேசைக்கு வர வேண்டும்

கல்யாணத்துக்கு 9 நாள் இருக்கும்போது பக்கத்துத் தெரு அண்ணன் இரண்டு முழுத்தாள்களை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தார். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மகளுக்கு மதுரையில் கல்யாணம், மாப்பிள்ளை இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்துக்காரர். வரவேற்புக்கு 400 பேர் வருவார்கள் என்று கணக்கு. அதில் மாப்பிள்ளை வீட்டார் 22 பேர்.

"அவங்க ஊர்ல பொண்ணோட அப்பாதான் முதல்ல எழுந்திரிச்சுப் பேசணுமாம். எழுதிட்டேன். நான் ஒரு வரி தமிழ்ல சொல்றேன், நீ ஒரு வரி இங்கிலீஷ்ல சொல்லிரு தம்பி. அவ்வளவுதான வேலை?"

மொழிபெயர்ப்புதான் எனக்குச் சோறு போடும் தொழில். ஒப்பந்தம், வாரிசுச் சான்றிதழ், மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாள் என்று எல்லாம் வரும். அவற்றில் எதையும் படித்துவிட்டு யாரும் சிரிக்க வேண்டியதில்லை. கல்யாண உரையில் சிரிக்கவும் வேண்டும், கண் கலங்கவும் வேண்டும், அதற்குள் பந்தியில் இலையும் ஆறிவிடக் கூடாது. தாளைப் பிரித்துப் படித்ததுமே "அண்ணே, அவ்வளவுதான் வேலை இல்லை" என்று சொல்லிவிட்டேன்.

முதல் சிக்கல் நேரம். அண்ணனைக் கூடத்தில் நிற்கவைத்து வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். தமிழில் மட்டும் 5 நிமிடம் ஆனது. வரிக்கு வரி ஆங்கிலமும் சேர்த்தால் 10 நிமிடத்துக்கு மேல் போகும். அவருக்குப் பின்னால் மாப்பிள்ளை பேச வேண்டும், அதற்கும் பின்னால் மாப்பிள்ளையின் நண்பர். மூன்று பேரும் இப்படி இரட்டிப்பாகப் பேசினால் அரை மணி நேரம். மதுரை மண்டபத்தில் இரவு எட்டு மணிக்கு அரை மணி நேரப் பேச்சைக் கேட்க உட்கார்ந்திருப்பவர்கள் காது கேளாத பெரியவர்கள் மட்டும்தான்.

இரண்டாவது சிக்கலைப் பலரும் கவனிப்பதில்லை. அரங்கில் தமிழ் மட்டும் தெரிந்தவர்கள், ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள் என்று இரண்டு கூட்டம் இருப்பதாக நினைத்துக்கொள்கிறோம். இருப்பது மூன்று. இரண்டும் தெரிந்த மூன்றாவது கூட்டம்தான் மதுரையில் பெரிய கூட்டம். மணப்பெண்ணின் தோழிகள், ஐ.டி. வேலையில் இருக்கும் அண்ணன் மகன்கள், கல்லூரிப் பேராசிரியர்கள் என்று பாதி மண்டபம் அவர்கள்தான். வரிக்கு வரி மொழிபெயர்த்தால் அவர்கள் எல்லாவற்றையும் இரண்டு முறை கேட்கிறார்கள். நகைச்சுவை முதல் முறை வரும்போது சிரித்துவிடுகிறார்கள். அந்தச் சிரிப்புச் சத்தத்தில், இன்னும் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருக்கும் 22 பேர் அசட்டுத்தனமாகப் புன்னகைக்கிறார்கள். பிறகு மொழிபெயர்ப்பு வரும்போது அந்த 22 பேர் மட்டும் தனியாகச் சிரிக்க வேண்டும். தனியாக யாரும் சத்தமாகச் சிரிப்பதில்லை.

அமெரிக்க முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர் ஜப்பானில் ஒரு கல்லூரியில் பேசியதைப் பற்றி அவரே சொன்ன கதை ஒன்று உண்டு. சின்னதாக ஒரு நகைச்சுவை சொல்லியிருக்கிறார், மொழிபெயர்ப்பாளர் இரண்டே சொல்லில் ஏதோ சொல்ல, அரங்கம் குலுங்கிச் சிரித்திருக்கிறது. அப்படி என்னதான் சொன்னீர்கள் என்று பின்னால் துருவிக் கேட்டபோது, "அதிபர் கார்ட்டர் ஒரு நகைச்சுவை சொன்னார், எல்லோரும் சிரிக்க வேண்டும் என்று சொன்னேன்" என்றாராம். ஜப்பானில் இது நடந்தது. நம் மண்டபத்தில் பாதிப் பேருக்கு மூலமும் புரியும் என்பதால் இந்தத் தந்திரம் எடுபடாது.

அதனால் அண்ணனிடம் ஒரு விதி சொன்னேன். ஒரு நகைச்சுவையை ஒரே ஒரு முறைதான் வெடிக்க விட வேண்டும். அதற்கு வேண்டிய முன்கதையை இரண்டு மொழியிலும் முன்னாலேயே போட்டுவிட வேண்டும். கடைசியில் வெடிக்கும் சொல் இரண்டு பக்கமும் தெரிந்த சொல்லாக இருக்க வேண்டும்.

அவர் எழுதியிருந்த முதல் நகைச்சுவையை வைத்தே செய்து பார்த்தோம். "மாப்பிள்ளைன்னா முறுக்கு இருக்கும்பாங்க. எங்க மாப்பிள்ளைகிட்ட அது துளிகூட இல்லை." நமக்கு விளக்கமே வேண்டாம். கடித்துத் தின்கிற முறுக்கும், சம்பந்தி வீட்டில் மோதிரம் சின்னதாகப் போய்விட்டதென்று முகத்தைத் திருப்பிக்கொள்கிற முறுக்கும் நமக்கு ஒரே சொல். ஆங்கிலத்தில் இதை மைக் முன்னால் விளக்க ஆரம்பித்தால் நாலு வாக்கியம் ஆகும். விளக்கி முடிக்கும்போது நகைச்சுவை பாடமாகிவிடும்.

விளக்கத்தை மைக்கிலிருந்து மேசைக்கு மாற்றினோம். வெள்ளைக்காரர்கள் உட்காரும் மூன்று மேசைகளிலும் ஆளுக்கு ஒரு முறுக்குப் பொட்டலம், அதன்மேல் ஒரு சின்ன அட்டை. அட்டையில் ஆங்கிலத்தில் மூன்றே வரி. இதன் பெயர் முறுக்கு, திருகல் என்று பொருள், புது மாப்பிள்ளை வீம்பு பிடித்தாலும் அவரிடம் இது இருப்பதாகச் சொல்வோம். விருந்தாளி உட்கார்ந்ததும் முதலில் செய்வது மேசைமேல் இருப்பதைப் படிப்பதுதான். அண்ணன் பேச எழும்போது அந்தச் சொல் அவர்கள் வாயில் ஏற்கெனவே நொறுங்கியிருக்கும். அவர் ஒரு முறுக்கைக் கையில் தூக்கிக் காட்டி, மாப்பிள்ளையைப் பார்த்து, "முறுக்கே இல்லை" என்று சொல்லித் தலையாட்டினால் போதும். மொழிபெயர்ப்பாளருக்கு அங்கே வேலை இல்லை. அப்படி இல்லாமல் போவதுதான் நல்ல மொழிபெயர்ப்பு என்பது என் கட்சி.

மாப்பிள்ளையின் உரையும் என்னிடம்தான் வந்தது. ஆங்கிலத்தில் எழுதி அனுப்பியிருந்தார், அவர் பேசப் பேச நான் தமிழில் சொல்ல வேண்டும். அதில் ஒரு நல்ல நகைச்சுவை இருந்தது. மூன்று வருஷப் பழக்கத்தில் தான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது 'போதும்' என்ற ஒரே ஒரு தமிழ்ச் சொல், அதுவும் மணப்பெண்ணின் பாட்டிக்குப் புரிவதில்லை என்று எழுதியிருந்தார். பரிமாறும் கையைப் பார்த்துப் 'போதும்' சொல்லித் தோற்றவர்கள்தானே நாம் எல்லோரும். இதில் மொழிபெயர்க்க என்ன இருக்கிறது என்று தோன்றும். முதல் வரைவில் நான் எழுதியது இது: "பாட்டிக்குப் புரியாத 'போதும்' என்ற ஒரே சொல்லைத்தான் மூன்று வருடங்களில் இவர் கற்றுக்கொண்டிருக்கிறார்." இலக்கணத்தில் ஒரு குறையும் இல்லை. சிரிப்பும் இல்லை.

காரணம் தமிழின் வாக்கிய அமைப்பு. ஆங்கிலம் ஒரு பெயரைச் சொல்லிவிட்டு அதைப் பற்றிய சேதியைப் பின்னால் தொங்கவிடும். தமிழில் பெயரெச்சம் பெயருக்கு முன்னால் வந்து நிற்கும். 'பாட்டிக்குப் புரியாத' என்று வாயைத் திறந்ததுமே குட்டு உடைந்துவிடுகிறது. மிச்சமெல்லாம் அதற்குப் பின்னால் இழுபடும் வால். ஆங்கில நகைச்சுவை தமிழில் செத்துப்போவதற்குப் பெரும்பாலும் பண்பாட்டு வித்தியாசம் காரணம் இல்லை, இந்தப் பெயரெச்சம்தான். மருந்து எளிது. வாக்கியத்தை உடைக்க வேண்டும். "மூணு வருஷத்துல ஒரே ஒரு தமிழ் வார்த்தைதான் கத்துக்கிட்டேன். 'போதும்'. அந்த ஒரு வார்த்தை மட்டும் பாட்டிக்குப் புரிய மாட்டேங்குது." மூன்று துண்டு. 'போதும்' என்பதை மாப்பிள்ளையே தன் வாயால் சொல்லட்டும் என்று அங்கே நான் நிறுத்திக்கொண்டேன்.

நடையையும் கவனிக்க வேண்டும். மேடை ஏறினால் நமக்கு எழுத்துத் தமிழ் வந்துவிடும். 'வருகை புரிந்திருக்கும் அன்பு நெஞ்சங்களே' என்று தொடங்காவிட்டால் பேசிய மாதிரியே இருக்காது. கல்யாண மேடையில் பேசுவது நமக்கு ஒன்றும் புதிதில்லை. சுயமரியாதைத் திருமணங்களில் தலைவர்களின் வாழ்த்துரைதான் பெரிய நிகழ்ச்சியே. 1967-இல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது அந்தத் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் கொண்டுவந்தார்கள், ஆனால் பேச்சு அதற்கு வெகுகாலம் முன்பே இருந்தது. அந்த மேடைத் தமிழ் வாழ்த்துக்குப் பொருந்தும், கேலிக்குப் பொருந்தாது. 'கற்றுக்கொண்டிருக்கிறேன்' என்று சொன்னால் சபை நிமிர்ந்து உட்காரும். 'கத்துக்கிட்டேன்' என்றால்தான் சாய்ந்து உட்கார்ந்து சிரிக்கும். ஆங்கிலத்தில் ஒரே நடையில் போகிற உரையைத் தமிழில் இரண்டு நடையாகப் பிரித்துத்தான் ஆக வேண்டும்.

அடுத்தது வாழ்த்து. அண்ணன் ஆசை ஆசையாக எழுதியிருந்தார்: ஆல்போல் தழைத்து, அருகுபோல் வேரோடி, மூங்கில்போல் சுற்றம் சூழ. இதை நேராக ஆங்கிலத்தில் வைத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரிந்ததற்கு ஒரே காரணம், மாப்பிள்ளையின் அம்மா தோட்டக்கலையில் ஈடுபாடு உள்ளவர் என்று மணப்பெண் சொல்லியிருந்ததுதான். அருகுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர்களில் ஒன்று, இங்கிலாந்தில் தோட்டம் போடுகிறவர்கள் பிடுங்கிப் பிடுங்கி அலுத்துப்போகும் ஒரு களைக்கும் பெயர். மூங்கில் அங்கே வேலிக்கு அடியில் ஓடிப் பக்கத்து வீட்டுத் தரையில் முளைத்து, அண்டை வீட்டாருக்குள் சண்டை மூட்டுகிற செடி. ஆலமரத்தை விட்டால், நம் வாழ்த்து அவர்கள் காதில் 'களைபோல் பரவி, பக்கத்து வீட்டுக்குள் புகுந்து' என்றுதான் விழும்.

செடியின் பெயரை விட்டுவிட்டு அது செய்வதைச் சொன்னோம். அருகின் தண்டு தரையோடு படர்ந்து போகும்போது கணுவுக்குக் கணு வேர் விடும். அதனால்தான் ஓரிடத்தில் வெட்டினாலும் சாவதில்லை. ஆங்கிலத்தில் நான் சொன்னது இவ்வளவுதான்: போகும் இடமெல்லாம் வேர் பிடிக்கிற, வெட்டினாலும் தளிர்க்கிற ஒரு புல் எங்களிடம் உண்டு, அதைப் பிள்ளையாருக்குச் சாத்துவோம், அதைப்போல நீங்கள் இருக்க வேண்டும். மதுரையிலிருந்து லீட்ஸுக்குப் போகிற பெண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான வாழ்த்து வேறு என்ன? மூங்கிலை ஆங்கிலத்தில் எடுத்துவிட்டேன். தமிழில் இருந்தது. இரண்டு உரையும் ஒன்றுக்கு ஒன்று அச்சாக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. நீதிமன்றத்தில் மொழிபெயர்க்கும்போது ஒரு சொல்லை விட்டால் தப்பு. கல்யாணத்தில், விட்டது என்ன என்று பேசுகிறவருக்கு முன்னாலேயே தெரிந்திருந்தால் தப்பில்லை.

'பதினாறும் பெற்று' என்பதிலும் இதே மாதிரி ஒன்று. பதினாறு பிள்ளை என்று பயந்துவிடாதீர்கள் என்கிற நகைச்சுவை நம் காதுக்குத் தேய்ந்த நாணயம். அண்ணன் அதைத் தமிழில் எழுதியிருந்ததை அடித்துவிட்டு ஆங்கிலத்தில் மட்டும் வைத்தேன், அவர்களுக்கு அது புதுசு. கல்வி, புகழ், பொன், நெல், துணிவு, நோயின்மை என்று போகிற பட்டியலில் நன்மக்கள் என்பது ஒரே ஒரு வரவு. பதினாறில் ஒன்றுதான் பிள்ளை, மிச்சம் பதினைந்தையும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று முடித்தேன். அந்த ஒரு இடத்தில் மட்டும் 22 பேர் தனியாகச் சத்தமாகச் சிரித்தார்கள்.

எனக்கு அதிக நேரம் பிடித்தது நன்றிதான். தமிழில் நெருங்கியவர்களுக்கு நன்றி சொல்வதில்லை. சொன்னால் அது விலக்கி வைப்பதுபோல இருக்கும். அதற்குப் பதிலாக மன்னிப்புக் கேட்போம். "ஏதாச்சும் குறை இருந்தா பெரிய மனசு பண்ணிப் பொறுத்துக்கணும்" என்பதுதான் நம் நன்றியுரை. இதை அப்படியே ஆங்கிலத்தில் சொல்லுங்கள், சமையலறையில் ஏதோ விபரீதம் நடந்துவிட்டதோ என்று விருந்தாளிகள் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். "எல்லாரும் இருந்து சாப்பிட்டுட்டுத்தான் போகணும்" என்பதை நேராகச் சொன்னால், சாப்பாடு முடிந்ததும் கிளம்பச் சொல்வதுபோல விழும். முன்னதை 'இவ்வளவு தூரம் வந்து எங்கள் வீட்டை உங்கள் வீடாக்கினீர்கள்' என்று மாற்றினேன், பின்னதை 'நீங்கள் சாப்பிடாமல் எங்களால் சாப்பிட முடியாது' என்று. சொல் வேறு, ஆனால் அண்ணன் மனதில் இருந்தது அதுதான்.

எதிர்ப்பக்கம் மாப்பிள்ளை தன் உரையில் மாமியாரைப் பெயர் சொல்லி அழைத்து நன்றி எழுதியிருந்தார். அவர்கள் ஊரில் அது பாசம். நம் சபையில் அத்தையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால், பந்தி முடியும்வரை அதைத்தான் பேசுவார்கள். அந்த ஒரு வரியை மொழிபெயர்க்காமல், அவரையே தமிழில் சொல்ல வைப்பது என்று முடிவு செய்தோம். 'நன்றி' வேண்டாம் என்றேன். அதில் இருக்கும் 'ன்றி' அவர் வாயில் 'நாண்ட்ரி' ஆகிறது. 'ரொம்ப சந்தோஷம் அத்தை' என்பதில் ழ இல்லை, ண இல்லை, தடுக்கும் இடமும் குறைவு. 'அத்தை'யில் வரும் இரட்டைத் தகரத்தில் மட்டும் ஒரு கணம் நிற்கச் சொன்னேன். நிற்காவிட்டால் 'அதை' ஆகிவிடும், ரொம்ப சந்தோஷம் அதை என்று.

பாட்டிக்கு ஒத்திகையே தேவைப்படவில்லை. ஆங்கிலத்தில் விருந்துக்குச் சொல்கிற 'பார்ட்டி' என்ற சொல்லை இங்கிலாந்துக்காரர்கள் பெரும்பாலும் நடுவில் இருக்கும் 'ர்' ஒலிக்காமல்தான் சொல்வார்கள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் அது அச்சு அசல் நம் பாட்டி. வீடியோ அழைப்பில் அவரை அந்தச் சொல்லைச் சொல்லச் சொன்னபோது மணப்பெண் சிரித்த சிரிப்பைக் கேட்டதும், உரையில் ஒரு வரி கூடியது. எங்கள் ஊரில் பார்ட்டிக்கு நாங்கள் தேடிப் போவோம், மதுரையில் பார்ட்டி வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டு எனக்குச் சோறு போடுகிறது. சொன்னது ஆங்கிலத்தில். மூன்று கூட்டமும் ஒரே நொடியில் சிரித்தது அந்த வரிக்குத்தான். பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாது, தன்னைச் சொல்கிறார் என்று தெரிந்தது, அதுவே போதுமானதாக இருந்தது.

மாப்பிள்ளையின் நண்பர் பேசியதையும் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலேயர் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனுடைய கடமையே மாப்பிள்ளையின் மானத்தைக் கொஞ்சம் வாங்குவதுதான். நம் ஊர்களில் மாப்பிள்ளைத் தோழனாகப் பெரும்பாலும் பெண்ணின் தம்பி வந்து நிற்பான், பேசமாட்டான். ஆனால் கேலி நமக்குத் தெரியாததா? மச்சினனும் கொழுந்தியாளும் மாப்பிள்ளையை என்ன பாடு படுத்தினாலும் யாரும் தப்பாக எடுப்பதில்லை. நம்மிடம் கேலிக்கு முறை இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதனால் நண்பரை மேடைக்கு அழைக்கும்போது, "இவர் மாப்பிள்ளைக்கு மச்சான் முறை மாதிரி, கேலி பண்ற உரிமை இவங்க ஊர்ல இவருக்குத்தான்" என்று தமிழில் ஒரு வரி சேர்த்தேன். முன்வரிசைப் பெரியவர்கள் முகம் அப்போதே இளகிவிட்டது. குடித்துவிட்டு வழி தெரியாமல் அலைந்த கதை ஒன்றை மட்டும், முதல் நாளே அவரிடம் சொல்லி மாற்ற வைத்தேன். மொழிபெயர்ப்பில் மழுப்பியிருக்கலாமே என்று கேட்பீர்கள். மூன்றாவது கூட்டத்துக்கு மூலமும் கேட்கும். மழுப்பினால் அவர்கள் என்னைப் பார்த்துத்தான் சிரிப்பார்கள்.

அப்படியும் ஒன்று தவறியது. நண்பர் உற்சாகத்தில் தாளில் இல்லாத கால்பந்து நகைச்சுவை ஒன்றை அவிழ்த்துவிட்டார். ஏதோ ஒரு அணி தோற்றதைப் பற்றி. எனக்கே புரியவில்லை. "கால்பந்து பத்தி ஏதோ சொல்றார், அவங்க பக்கம் ரெண்டு பேர் அழறாங்க" என்றேன். உண்மையும் அதுதான். அதற்கு ஓரளவு சிரித்தார்கள்.

கடைசியில் கிண்ணம் உயர்த்துவது. ஆங்கிலத்தில் இந்த வாழ்த்துக்கு 'டோஸ்ட்' என்று பெயர். அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் மசாலா தடவிச் சுட்ட ரொட்டித் துண்டை மதுவில் மிதக்க விட்டுக் குடித்ததிலிருந்து வந்த பெயர். நம் மண்டபத்தில் எல்லோர் கையிலும் பன்னீர் சோடா. அண்ணன் 'வாழ்க' என்றார், 400 பேரும் 'வாழ்க' என்றார்கள், 22 பேர் 'வால்கா' என்றார்கள். மொத்த உரையும் மொழிபெயர்ப்போடு சேர்த்து 6 நிமிடத்தில் முடிந்திருந்தது.

உங்கள் வீட்டில் இப்படி ஒரு கல்யாணம் வந்தால் உரையை மொழிபெயர்ப்பவரிடம் பத்து நாளாவது முன்னால் கொடுங்கள். மாற்றி எழுதவும் நாள் வேண்டும், முறுக்குக்குச் சொல்லிவைக்கவும் நாள் வேண்டும்.